வாக்குச் சீட்டில் அண்ணாச்சிக்கு நான் எழுதிய மூன்று வரி

ஒரு மனிதரைப் பற்றி மூன்று வரி எழுதுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் எழுதிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். நான் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று வரியால் ஒருவருக்கு வேலை போனது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு பொய்யாவது எழுதியிருக்கலாமே என்று இத்தனை வருஷம் கழித்தும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

யுத்த காலம். திருவனந்தபுரத்தில் அரிசிக்கு ரேஷன், காகிதத்துக்குப் பஞ்சம். நான் ஆரியசாலையில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சாலை என்று ஊர் அழைக்கும் பெரிய கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் வேலை பார்த்த கடைச் சிப்பந்திகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. சர்க்காரில் முறையாகப் பதிவு செய்த சங்கம். அதற்கு நான்தான் காரியதரிசி. கையெழுத்து நன்றாக இருந்தது, தமிழும் மலையாளமும் எழுத வரும். அதற்காகவே என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். எனக்கோ சங்கமே என் பேனா முனையில்தான் நிற்கிறது என்ற நினைப்பு.

சங்கத்தின் தலைவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். ஓர் இரும்புக் கடையில் ஆணியும் சங்கிலியும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. பதினோரு வருஷம் சங்கத்தில் இருந்தவர், அதில் ஏழு வருஷம் தலைவர். மேடையில் ஏற்றினால் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேச வராது. மூன்றாவது வாக்கியத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஆனால் ஒரு முதலாளியின் வீட்டுக்குத் தனியாகப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

அவருடைய வழி தனி வழி. "முதலாளி மொகத்தைக் காப்பாத்திக் குடுத்தா அவன் கையைத் தருவான் தம்பி. மொகத்தைப் பறிச்சா கையை மடக்கிக்கிடுவான்" என்பார். ஒரு கடையில் ஆளை நிறுத்திவிட்டார்கள் என்றால் நாங்கள் கொடி பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். அவர் அதற்குள் போய்ப் பேசிவிட்டு வந்திருப்பார். மறுநாள் அந்த ஆள் கடையில் நிற்பான். 'முதலாளி பெருந்தன்மையோடு மன்னித்து மறுபடி சேர்த்துக்கொண்டார்' என்று ஊர் சொல்லும். அண்ணாச்சியும் அதையே சொல்வார்.

அவர் பெற்றுத் தந்ததில் பெரியது அமாவாசை அரைநாள். அதற்கு முன் எங்களுக்கு விடுமுறை என்றால் பொங்கலும் தீபாவளியும் ஓணமும்தான். மற்ற நாளெல்லாம் காலையில் கதவு திறந்ததிலிருந்து இரவு கதவு சாத்துகிறவரை நின்ற கால். காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளாத ஆள் எங்களில் குறைவு. அண்ணாச்சி நாலைந்து மாதம் பெரிய முதலாளி வீட்டுக்கு நடந்தார். பெரிய முதலாளி என்று நான் சொல்வது வியாபாரிகளுக்கெல்லாம் மூத்தவராக இருந்த தானியக் கடைக்காரர். அவர் தலையை ஆட்டினால் சாலை முழுக்க ஆடும். கடைசியில் ஒருநாள் தலை ஆடியது. 'முன்னோர் கடன் தீர்க்கும் புண்ணிய தினமானபடியால் அமாவாசைதோறும் நண்பகலுக்குப் பின் கடைகள் அடைக்கப்படும்' என்று வியாபாரிகள் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சிப்பந்திகளைப் பற்றி அதில் ஓர் எழுத்து கிடையாது.

அன்று அண்ணாச்சி நேராக என்னிடம் வந்தார். "தம்பி, இது நம்ம கேட்டு வாங்குனதுன்னு ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது. அதுதான் அவுக கேட்டது. நான் வாக்குக் குடுத்துட்டேன். மினிட்ஸ்லயும் எழுதிராதே."

மினிட்ஸ் என்பது சங்கத்தின் கூட்ட நடவடிக்கைப் புத்தகம். யார் என்ன பேசினார், என்ன முடிவானது என்று நான்தான் அதில் எழுதுவேன். அந்த மாதக் கூட்டத்துக்கு, 'பொது விஷயங்கள் பேசப்பட்டன' என்று ஒரே வரி எழுதி அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ராஜதந்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டதாக அப்போது ஒரே பூரிப்பு. அடுத்தடுத்த காரியங்களுக்கும் அதே வரியைத்தான் எழுதினேன். மினிட்ஸைப் புரட்டினால் அந்த ஏழு வருஷமும் அண்ணாச்சி பொது விஷயங்களை மட்டுமே பேசிக்கொண்டிருந்தார் என்று தோன்றும்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நான் சொல்ல வந்த தேர்தலுக்கு முந்தைய தேர்தலில் ஒரு வேட்பாளர், திவானிடமே நேரில் பேசி நம் குறைகளைத் தீர்த்தேன் என்று நோட்டீஸ் அடித்து விட்டார். அவர் திவானைப் பார்த்தது ஊர்வலத்தில், அதுவும் கார் கண்ணாடி வழியாக. அந்தக் கோபத்தில் சங்க விதிகளில் ஒரு புது விதி சேர்க்கச் சொன்னேன். இனி வேட்பாளர்கள் நோட்டீஸ் அடிக்கக்கூடாது. கடைகளில் ஓட்டுக் கேட்கவும் முதலாளிகள் விடமாட்டார்கள். ஆகையால் வாக்குச் சீட்டிலேயே ஒவ்வொரு பெயருக்கும் கீழே மூன்று வரி இருக்கும். ஒன்று, சங்கத்தில் சேவை. இரண்டு, வகித்த பொறுப்பு. மூன்று, அங்கத்தினர்களுக்குப் பெற்றுத் தந்த நன்மை. புகழ்ச்சி வார்த்தை கூடாது. எழுதியது எதுவானாலும் மினிட்ஸில் பக்கம் காட்ட வேண்டும். எந்த வரியையும் காலியாக விடக்கூடாது. விட்டால் பிற்பாடு யாராவது எழுதிச் சேர்ப்பார்கள்.

விதி நிறைவேறிய அன்று கைதட்டினார்கள். அண்ணாச்சியும் தட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் தீர்மானமாகவே நிறைவேற்றினோம்.

அடுத்த தேர்தல் வந்தது. அண்ணாச்சியை எதிர்த்து ஒரு ஜவுளிக்கடை விற்பனைக்காரர் நின்றார். சங்கத்தில் சேர்ந்து இரண்டே வருஷம். நல்ல மனிதர்தான், இதை நான் சொல்லியாக வேண்டும். வாய் உள்ள பிள்ளை. பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "பதினோரு வருஷத்துல என்ன செய்தார்? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர் கேட்டதில் கபடம் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது.

அண்ணாச்சிக்கு இந்தத் தேர்தல் மற்ற வருஷங்களைப் போல இல்லை. அவருடைய இரும்புக்கடை முதலாளி காலமாகி மகன் பொறுப்பேற்றிருந்தான். அவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "தலைவராயிருக்கிறவரைக்கும் தொட மாட்டேன். வெளியே தள்ளுனா ஊரைக் கூட்டுவீரு. தலைவர் போச்சுன்னா அன்னைக்கே துண்டை உதறிக்கிட்டுப் போகணும், கேட்டீரா." அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் வேறு கடை யார் கொடுப்பார்கள்? சங்கத்துக்காரன் என்று முத்திரை வேறு குத்தியிருக்கிறது.

தேர்தல் நடத்தித் தர, கோட்டைக்குள் குடியிருந்த ஒரு ரிட்டையரான வாத்தியாரைக் கேட்டுக்கொண்டோம். எங்கள் சங்கத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதவர் வேண்டும் என்று தேடிப் பிடித்தவர். அவர் விதிப் புத்தகத்தை வாங்கிக் கணக்குப் பாடம் திருத்துவதுபோல் சிவப்பு மசியால் கோடு போட்டுப் படித்தார். மனு வாங்கினார், பரிசீலனை செய்தார், இரண்டு பேர் மனுவையும் ஏற்றார். சீட்டில் அச்சாக வேண்டிய மூன்று வரியை மூன்று நாளில் கொடுக்கச் சொன்னார்.

ஜவுளிக்கடைக்காரர் அன்றைக்கே கொடுத்துவிட்டார். சேவை: இரண்டு ஆண்டு. பொறுப்பு: நிர்வாகக் குழு உறுப்பினர். பெற்றுத் தந்த நன்மை: கடைத்தெருவில் சிப்பந்திகளுக்காக இரண்டு குடிதண்ணீர்ப் பானை வைத்தது, வாசகசாலைக்குத் தினம் ஒரு பத்திரிகை வரவழைத்தது. பக்க எண் சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கங்களை எழுதியவனும் நான்தான். பானைக்கு மூடி வாங்கியதைக்கூட எழுதியிருந்தேன்.

அண்ணாச்சிக்கு எழுதித்தர வேண்டிய பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரும்புக்கடைப் பின்வாசலில் சாக்கின்மேல் உட்கார்ந்தோம். முதல் இரண்டு வரி ஒரு நொடியில் முடிந்தது. மூன்றாவது வரியில், 'அமாவாசை அரைநாள் விடுமுறை' என்று எழுதினேன்.

அவர் விரலை அதன்மேல் வைத்தார். "இது வேண்டாம்."

"இதை எழுதாம வேற எதை எழுதுறது அண்ணாச்சி?"

"அந்தப் பையன்களைத் திரும்பச் சேத்தோம்லா, அதை எழுது."

"அதெல்லாம் முதலாளி மன்னிச்சார்னுதான் இருக்கு. நீங்கதான் அப்படி எழுதச் சொன்னீங்க."

"ஆமா" என்றார். விரல் விட்டு எண்ணினார். "அந்த மழைக்காலத்துல, சிப்பந்திக்கும் ஒரு குடைன்னு…"

"அதுவும் பொது விஷயங்கள்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவர் கேட்கக் கேட்க, என் கையெழுத்திலேயே ஒவ்வொன்றும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்னதைக் கேட்காமல் அமாவாசை வரியை அப்படியே வைத்துக் காகிதத்தைக் கொண்டுபோய் வாத்தியாரிடம் கொடுத்தேன்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பக்கம் எத்தனை?"

"பக்கம் இல்லை சார். ஆனா நெஜம். எனக்குத் தெரியும்."

"நெஜம்னு எனக்கும் தோண்றது. ஊர்ல யாரும் கேக்காமே வியாபாரி கதவு சாத்துவானோ? ஆனா பக்கம் வேணுமே. விதி எழுதினவன் நீயாக்கும்."

"மினிட்ஸை இப்போ திருத்தலாமா சார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புப் பையனாகிவிட்டேன். "பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, கூட்டத்திலே படிச்சு, தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு. பதிவு செஞ்ச சங்கம். நாளைக்கு சர்க்கார்லேர்ந்து பாக்கக் கேட்டா ரெண்டு பேரும் கம்பி எண்ணுவேள்." பிறகு கொஞ்சம் இரங்கினார். "ஒண்ணு செய்யலாம். தலைவர் கேட்டு இன்ன காரியம் நடந்தது, பதிவிலே விட்டுப்போச்சுன்னு காரியதரிசி ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் கையெழுத்துப் போடு. முதலாளி தரப்பிலே ஒருத்தர் ஆமான்னு எழுதித் தரட்டும். நான் சேத்துக்கறேன். மதியோ, போதுமோ?"

மதி என்று சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. நேராகப் பெரிய முதலாளி வீடு.

பெரிய முதலாளி என்னை மரியாதையாக உட்காரச் சொன்னார். குடிக்கச் சம்பார மோர் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, "ஒங்க அண்ணாச்சி அஞ்சு மாசம் எம் வீட்டு நடையில நின்னாரு. அவரு கேக்கலேன்னா நாங்க குடுத்திருக்க மாட்டோம். அதுல ஒரு மாத்தமும் இல்ல" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அதை ஒரு வரி எழுதித் தாங்க முதலாளி."

"தாரேன். இப்பவே தாரேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும். சிப்பந்தி கேட்டு முதலாளி குடுத்ததுன்னு அச்சுல வந்துட்டா, மத்த வியாபாரிகள் எங்கிட்ட என்ன சொல்லுவாவ? இன்னைக்கு அமாவாசை, நாளைக்கு பவுர்ணமி, மறுநாள் வாராவாரம்பான். வேண்டாம்னுட்டு எல்லாக் கடையும் தொறந்து வைப்பாவ. நான் ஒருத்தன் தலையாட்டினா ஆகாது. நான் பயங்காட்டல, உள்ளதைச் சொல்லுதேன். எழுதட்டுமா?"

காகிதத்தையும் பேனாவையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அந்த மனிதரை இன்றுவரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. அவர் எழுதியே கொடுத்திருப்பார். நான்தான் வேண்டாம் என்று எழுந்து வந்தேன். ஓர் ஆளின் வேலைக்காக ஆயிரம் கால்களை மறுபடி நிற்க வைக்க எனக்கு என்ன அதிகாரம்? வெளியே வந்து தெருமுனையில் நின்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நான் அங்கே போனது அண்ணாச்சிக்கு எட்டிவிட்டது. சாலையில் ரகசியம் தங்காது. இத்தனை வருஷம் தங்கிய ரகசியம் அமாவாசை ஒன்றுதான். "எதுக்குடே போனே?" என்றார். அவர் என்னை டே போட்டது அன்று ஒருநாள்தான். "நான் குடுத்த வாக்கை நீ திருப்பி வாங்கப் போனியா?"

"உங்க வேலை போயிரும் அண்ணாச்சி."

"போனா போவுது. ஜெயிச்சா போவாதுல்லா. நம்ம ஆளுவளுக்கு என்னைத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்காமல், எங்கள் கடையில் மூட்டை தைக்கிற ஒருவரிடம் மட்டும் காதில் போட்டேன்: அமாவாசை அரைநாள் அண்ணாச்சி வாங்கித் தந்தது. அவர் ஊசியை நிறுத்தாமல் சிரித்தார். "எலெக்‌ஷன் வந்தா மழை பெய்ததும் நம்மாலதான்னு சொல்லுவாங்க. பெரிய முதலாளி அவரு அம்மைக்குத் திதி குடுக்கிறதுக்காகச் செய்த காரியமாக்கும் அது. ஊருக்கே தெரியும்." இதற்குமேல் நான் எவர் காதிலும் எதையும் போடவில்லை.

வாத்தியாரிடம் போய் மூன்றாவது வரியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். காலியாக விட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் சிவப்பு மசியில் அல்ல, கறுப்பு மசியில், வருத்தத்தோடுதான், எழுதிக் காட்டினார்: பெற்றுத் தந்த நன்மை: பதிவில் இல்லை.

"இப்படிப் போட்டா ஒண்ணும் செய்யலேன்னு அர்த்தமாயிடுமே சார்."

"செய்யலேன்னு போடலையே. பதிவிலே இல்லேன்னுதான் போட்டிருக்கேன். அது சரிதானே?"

சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சாலையிலேயே ஓர் அச்சுக்கூடத்தில் சீட்டு அடித்தோம். காகிதம் கிடைக்காததால் கையகலச் சீட்டு. தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம். புரூப் வந்ததும் இரண்டு வேட்பாளர்களும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் தன் பெயருக்குக் கீழே இருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு, அண்ணாச்சிக்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இது என்னத்துக்கு? வேற வார்த்தை இல்லையா சார்?" என்று வாத்தியாரைக் கேட்டார். அண்ணாச்சி முந்திக்கொண்டு, "இருக்கட்டும் தம்பி, உள்ளதுதானே" என்று சொல்லித் தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்தாகப் போட்டார்.

தேர்தலை அமாவாசையன்றுதான் வைக்க முடிந்தது. எல்லாரும் சேர்ந்து வர எங்களுக்கு வேறு எந்த நாள் இருந்தது? ஒரு பள்ளிக்கூடத்து அறையில் பெஞ்சுகளை ஒதுக்கி, காலிப் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டி, பூட்டி அரக்கு வைத்தார் வாத்தியார். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். நான் அங்கத்தினர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து அடித்தேன். வேட்பாளர்கள் இருவரும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், யாரோடும் பேசக்கூடாது. அண்ணாச்சி வெளுத்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக நின்றார். வருகிறவர்கள் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார்.

எங்களில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டில் உள்ளதை உள்ளபடி, ஏற்ற இறக்கமில்லாமல், தேர்தல் அதிகாரி படித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். வாத்தியார் மறைப்புத் தட்டியின் அருகில் நின்று படித்தார். "பெற்றுத் தந்த நன்மை: இரண்டு குடிதண்ணீர்ப் பானை; தினம் ஒரு பத்திரிகை." அடுத்தது. "பெற்றுத் தந்த நன்மை: பதிவில் இல்லை." பிறகு இன்னொருவர். மறுபடி பானை, பத்திரிகை, பதிவில் இல்லை. அன்று மாலைக்குள் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. பட்டியலிலிருந்து தலையைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை.

எண்ணெய்க் கடையில் டின் அடைக்கிற ஒரு வயதானவர் கேட்டுவிட்டு நகராமல் நின்றார். "பதினோரு வருஷமும் ஒண்ணும் இல்லியா சாரே?"

"படிச்சதுதான். அதுக்குமேலே நான் சொல்லப்படாது" என்றார் வாத்தியார்.

"எனக்கு அவரைப் பிடிக்கும். நல்ல மனுஷன். ஆனா அச்சடிச்சுல்லா போட்டிருக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தட்டிக்குப் பின்னால் போனார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து கத்தலாம். 'நீங்க இப்ப இங்க நிக்கிறீங்களே, மத்தியானம் வீட்ல சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, அதுதான்யா அவர் வாங்கித் தந்தது' என்று கத்தலாம். வாசலில் நின்ற அண்ணாச்சி சன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. நான் அடுத்த பெயரை அடித்தேன்.

மாலையில் பெட்டியை உடைத்தோம். செல்லாத சீட்டு நாலைந்து. பெருக்கல் குறியை இரண்டு பேருக்கும் போட்டவர்கள் அவர்கள், மனசு வராமல். அண்ணாச்சி பதினாறு ஓட்டில் தோற்றார். வாத்தியார் முடிவைப் படித்ததும் அண்ணாச்சிதான் முதலில் போய் ஜவுளிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிதர் பேச்சே இல்லாமல் நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரும்புக்கடை முதலாளியின் மகன் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை அண்ணாச்சி கடைக்குப் போனார். தராசில் வேறொருவன் நின்றான். புதுத் தலைவர் பேசப் போனார். மேடைப் பேச்சுப்போல நன்றாகவே பேசினார். பையன் முகம் சிவந்து ஆளை விட்டு வெளியே அனுப்பிவிட்டான். அண்ணாச்சியாக இருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பார். தனக்காகப் பேச அவருக்கு வராது. அவர் ஒரு மாதம் சாலை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், வெற்றிலை கொடுத்தார்கள், வேலை மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் புது நிர்வாகத்தின் முதல் கூட்டம். அண்ணாச்சியும் வந்தார். வேலை போனாலும் கட்டின சந்தா முடிகிறவரை அவர் அங்கத்தினர்தானே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். புதுத் தலைவர் நல்ல எண்ணத்தோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: சிப்பந்திகளின் நலன் கருதித் தாமாகவே முன்வந்து அமாவாசை அரைநாள் ஓய்வு வழங்கியதற்காகப் பெரிய முதலாளிக்கும் வியாபாரிகளுக்கும் இச்சங்கம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது.

எனக்குப் பேனா நின்றுவிட்டது. யாராவது வழிமொழிய வேண்டும். நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். இனி என்ன வாக்கு, என்ன ரகசியம், எழுந்து சொல்லுங்கள் அண்ணாச்சி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் எழுந்தார். துண்டை எடுத்தார். "நான் வழிமொழியுதேன்" என்றார். "இதுக்கு ஒரு நகல் எடுத்து, எல்லாருமா போயி, மாலை போட்டு, பெரிய முதலாளி கையிலயே குடுக்கணும். மத்த முதலாளிமாரும் இருக்கையில குடுக்கணும்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது பிடித்து நிறுத்தி, "ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நன்றின்னு எழுதி மாலையும் போட்டாச்சுன்னா, குடுத்ததை அவுகளால பின்னே எடுக்க ஏலாதுல்லா? நோட்டீஸை மாத்திரலாம் தம்பி. மாலையைக் கழட்ட மாட்டான்" என்றார். பிறகு, "நாளைக்குச் செங்கோட்டை வண்டியில ஊருக்குப் போறேன். இங்க இருந்து என்ன செய்ய" என்றார்.

நான் அறைக்குத் திரும்பிப் போய் மினிட்ஸை எடுத்து எழுதி முடித்தேன். 'அமாவாசை அரைநாள்' என்ற சொல் அந்தப் புத்தகத்தில் முதல்முறையாக அன்றுதான் ஏறியது. வழங்கியவர்: பெரிய முதலாளி. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் அண்ணாச்சியின் பெயரை எழுதினேன். ஓரத்தில் பக்க எண்ணும் போட்டேன்.